பங்கு விலையில் திவால் அபாயத்தைப் படிப்பது

ஒரு கம்பெனியின் சொத்து மதிப்பு இன்றைக்கு 100 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாக ஒரு வருடம் கழித்து 80 கோடி கடனைக் கட்ட வேண்டும். அன்றைக்குச் சொத்து 110 கோடியாக இருந்தால், கடனை அடைத்தது போக 30 கோடி பங்குதாரர்களுக்கு. 60 கோடியாகக் குறைந்திருந்தால்? கடன் கொடுத்தவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டலாம். பொறுப்பு வரையறுக்கப்பட்டது, கைக்காசு போட வேண்டியதில்லை.

80 கோடி கட்டினால் சொத்து உங்களுக்கு, பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். சந்தையில் இதைத்தான் கால் ஆப்ஷன் என்கிறார்கள். பொருளாதார அறிஞர்கள் பிளாக், ஷோல்ஸ் இருவரும் ஆப்ஷன் விலை பற்றிய 1973 கட்டுரையிலேயே இதைச் சொல்லிவிட்டார்கள். 1974இல் மெர்ட்டன் இதை வைத்தே கம்பெனிக் கடனை மதிப்பிட்டார்.

ஆப்ஷன் என்றால் ஏற்ற இறக்கம் கூடக் கூட விலையும் கூடும். வட்டி 5 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், சொத்தின் ஏற்ற இறக்கம் ஆண்டுக்கு 10 சதவீதமாக இருக்கும்போது பங்குகளின் மொத்த மதிப்பு சுமார் 23.9 கோடி. அதுவே 25 சதவீதமானால் 25.4 கோடி. சொத்து அதே 100 கோடிதான். கூடிய ஒன்றரைக் கோடி கடன் கொடுத்தவரின் பையிலிருந்து வந்தது! கடன் வாங்கிய பிறகு துணிகரமான தொழிலில் இறங்கக் கூடாது என்று வங்கிகள் ஒப்பந்தத்தில் நிபந்தனை போடுவது சும்மா இல்லை.

அபாயத்தை அளப்பது எப்படி? சொத்துக்கும் கடனுக்கும் இடைவெளி 20 கோடி. ஏற்ற இறக்கம் 10 கோடி என்றால் அந்த இடைவெளி இரண்டு திட்ட விலக்கம். 25 கோடி என்றால் 0.8தான். இயல்நிலைப் பரவல் அட்டவணைப்படி திவால் வாய்ப்பு முதலாவதில் சுமார் 2 சதவீதம், இரண்டாவதில் 21.

சிக்கல் என்னவென்றால், சொத்தின் ஏற்ற இறக்கம் எந்த ஏட்டிலும் எழுதியிருக்காது. நம் கண்ணுக்குத் தெரிவது பங்குகளின் சந்தை மதிப்பும் பங்கு விலையின் ஆட்டமும்தான். மெர்ட்டன் மாதிரியில் இவற்றுக்கு இரண்டு சமன்பாடுகள், தெரியாதவையும் இரண்டு: சொத்து மதிப்பு, அதன் ஏற்ற இறக்கம். பங்கு மதிப்பு 23.9 கோடி, ஆட்டம் 42 சதவீதம் என்று கொடுத்தால், 100 கோடியும் 10 சதவீதமும் திரும்பக் கிடைக்கும். பங்கின் 42 சதவீதத்தையே சொத்தின் ஆட்டம் என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. கடன் அதைப் பெருக்கிக் காட்டியிருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம் அந்த அட்டவணையையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. நான்கு திட்ட விலக்கத் தூரத்தில் இருக்கும் கம்பெனிக்கு அது லட்சத்தில் மூன்று வாய்ப்பு என்கும். நடைமுறையில் அந்தத் தூரத்திலும் விழும் கம்பெனிகள் அதைவிடப் பல மடங்கு. அதனால்தான் கடன் அபாயத்தை அளந்து சொல்லும் கேஎம்வி நிறுவனம் தூரத்தை மட்டும் இந்த மாதிரியிலிருந்து எடுத்துக்கொண்டு, அந்தத் தூரத்தில் இருந்தவற்றில் உண்மையில் எத்தனை கடன் தவறின என்று பழைய பதிவுகளில் எண்ணிப் பார்த்தது. கடன் எல்லையையும் மாற்றியது: குறுகிய காலக் கடன் முழுதும், நீண்ட காலக் கடனில் பாதியும். நீண்ட காலக் கடன் உடனே வந்து கழுத்தைப் பிடிக்காதே.

இத்தனை செய்தும் ஓர் ஓட்டை இருக்கிறது. ஏற்ற இறக்கத்தைப் பெரும்பாலும் கடந்த காலப் பங்கு விலையிலிருந்துதான் எடுக்கிறோம். 2008 நெருக்கடிக்கு முன், சந்தை அமைதியாக இருந்த 2006இல் வங்கிகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டிருந்தால், கடன் மலைபோல இருந்தும் தூரம் நிறைய இருப்பதாகவே காட்டியிருக்கும்.