கண்ணை மட்டும் மறைச்சா போதுமா?

வணக்கம். இன்னைக்கு ஒரே ஒரு போஸ்ட்டைப் பிரிச்சுப் பாக்கலாம். ஒரு தோல் கிளினிக், முகப்பருத் தழும்புக்கு 12 வாரச் சிகிச்சை, சிகிச்சைக்கு முன்னாடி ஒரு படம், பின்னாடி ஒரு படம்.

சிகிச்சைக்கு நோயாளிகிட்ட வாங்கின சம்மதக் கையெழுத்து, படத்தைப் போஸ்ட் பண்றதுக்குச் செல்லாது. கேஸ் ஷீட்டுக்காகப் படம் எடுக்கறது வேற, இன்ஸ்டாகிராம்ல போடறது வேற. தனித் தாள்ல எந்தப் படம், எங்கெங்க வரும், காசு குடுத்து ஓட்டற விளம்பரத்துலயும் வருமா, எவ்வளவு காலம் இருக்கும்னு எழுதுங்க. வேண்டாம்னு சொன்னாலும் சிகிச்சை மாறாதுங்கற வரி கண்டிப்பா இருக்கணும். நாற்காலியில உக்கார வச்சுக் கேட்டா, முகதாட்சண்யத்துக்குத் தலையாட்டிடுவாங்க. போடப்போற படத்தையே காட்டி, வீட்டுக்குப் போய் யோசிச்சுச் சொல்லச் சொல்லுங்க. அப்புறம் மனசு மாறினா நம்ம பக்கத்துலருந்து எடுத்துடலாம், ஆனா மத்தவங்க சேமிச்சு வச்சதை எடுக்க முடியாது. அதையும் முன்கூட்டியே சொல்லிடுங்க.

பேர் போடலை, கண்ணுல கறுப்புப் பட்டை போட்டாச்சு, அதனால யாருன்னு தெரியாதுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. தெரியும்ங்க! தாடை, மச்சம், தோடு, பச்சை குத்தினது எதை வச்சும் பக்கத்து வீட்டுக்காரங்க கண்டுபிடிச்சிடுவாங்க. கண்ணை மறைக்கறது போதாதுன்னு மருத்துவ இதழ் ஆசிரியர்களோட சர்வதேச வழிகாட்டுதலே சொல்லுது. கன்னத்துலதான் தழும்புன்னா, கன்னத்தை மட்டும் வெட்டி எடுங்க. அப்பவும் அனுமதி வேணும். ஃபைல் பேர்ல நோயாளி பேர் இருக்கான்னு பாருங்க. போன் படத்துக்குள்ள எடுத்த தேதியும், லொகேஷன் ஆன்ல இருந்தா இடமும் பதிஞ்சிருக்கும். அதை நீக்கிட்டு ஏத்துங்க.

அடுத்தது நேர்மை, எனக்கு ரொம்ப முக்கியமாப் படற விஷயம் இதுதான். முகப்பருத் தழும்பு பெரும்பாலும் பள்ளம்தான். பக்கவாட்டு வெளிச்சத்துல பள்ளத்துல நிழல் விழுந்து ஆழமாத் தெரியும். முகத்துக்கு நேரா வெளிச்சம் அடிச்சா நிழல் போயிடும், தழும்பும் போன மாதிரி இருக்கும். முதல் படம் ஜன்னலோரம், ரெண்டாவது ரிங் லைட்ல எடுத்தா, சிகிச்சையே பண்ணாம மாற்றத்தைக் காட்டிடலாம். வேணும்னே செய்யலைன்னாலும் அது பொய்தான். அதனால தரையில டேப் ஒட்டி நிக்கற இடத்தையும் கேமரா இடத்தையும் குறிச்சு வைங்க. அதே விளக்கு, அதே கோணம், ரெண்டு தடவையும் மேக்கப் இல்லாம, சிரிக்காம. பியூட்டி மோட் ஆஃப். சரியா இருக்கான்னு பாக்க, மூக்கு நிழல் ரெண்டு படத்துலயும் ஒரே பக்கம், ஒரே நீளத்துல விழுதான்னு பாருங்க. மாறியிருந்தா அந்த ஜோடியைப் போடாதீங்க.

படத்துக்குக் கீழ இப்படி எழுதலாம்: "12 வாரம், 4 சிட்டிங், கூடவே தினமும் கிரீம், சன்ஸ்கிரீன். ஒளி, தூரம் ஒன்றே. படத்தில் திருத்தம் இல்லை. எங்களிடம் வந்தவர்களில் நன்றாகத் தெரிந்த பலன் இது, பலருக்கு இதைவிடக் குறைவாகவே இருக்கும்." படம் தந்ததுக்குக் கட்டணத்துல தள்ளுபடி குடுத்திருந்தா, அதையும் அதே இடத்துல, 'மேலும் படிக்க' அமுக்காமலே தெரியற மாதிரி எழுதுங்க.