30-ஆம் தேதி வாரான்

பட்டிமன்ற நடுவர் கேட்டது: "ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரச் சொல்லிச் சொந்தக்காரர் ஒருவர் கூப்பிடுகிறார், போக முடியவில்லை. மறுத்த பிறகும் உறவு கசக்காமல் இருப்பது எதனால்? நாம் சொல்கிற காரணத்தாலா, அப்புறம் வருவதாகக் கொடுக்கிற தேதியாலா?"

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் ஐயா, காரணம் உண்மையாக இருந்தால் போதும், மிச்சத்தை உறவு பார்த்துக்கொள்ளும் என்றார். பாதி சரி. பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். மறுபேச்சு இருக்காது. "அம்மனே உங்க வீட்டுக்கு வந்திருக்கா, நீங்க எதுக்கு இங்க வாரீங்க" என்பார் எங்கள் பெரியம்மா. அப்படி ஒரு காரணம் கையில் இருந்தால் நான் இந்த மேடையை விட்டு இறங்கிவிடுகிறேன். ஆனால் ஐயா, நம்மில் பலருக்கு இருக்கிற காரணம் அம்மை இல்லை. லீவு இல்லை என்பதுதான்.

எங்கள் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். ஆடியில் அம்மன் கோயில் கொடை. திங்கள் ராத்திரி அம்மனை அழைக்கிற குடியழைப்பு, செவ்வாய் மதியம் ஒரு பூஜை, ராத்திரி சாமக்கொடை, புதன் காலையில் முளைப்பாரி கரைப்பு. சென்னையில் வேலை பார்க்கிறவன் இதற்குப் போக வேண்டுமென்றால் ஞாயிறு ராத்திரி ரயில் ஏறி வியாழன் காலைதான் திரும்ப முடியும். திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாள் லீவு. எங்கள் ஆபீசில் அந்த வாரம்தான் ஆடிட். இது உண்மையான காரணம். இதைப் பெரியப்பாவிடம் சொன்னால் என்ன நடக்கும்? அவருக்கு 72 வயது, வயலைத் தவிர வேறு ஆபீஸ் பார்த்ததில்லை. "ஏலே, ஆடிட்டு வருசா வருசம் வரும்லா? அம்மன் கொடையும் வருசா வருசம்தான் வரும்" என்பார். என்ன பதில் சொல்வது? காரணத்தைச் சொன்னதும் அது வழக்காகிவிடுகிறது. அவர் குறுக்கு விசாரணை செய்வார், நான் சாட்சி தேடுவேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் இதைவிட மோசமாகச் செய்தேன். "பாக்கிறேன் பெரியப்பா" என்றேன். நாம் இதை மரியாதையான மறுப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஊரில் அதற்கு அர்த்தம், வருகிறான் என்பதுதான். அவர் மச்சு அறையை ஒழித்து வைத்தார். கோயில் கமிட்டியில் எங்கள் வீட்டுக்கும் சேர்த்துச் சாப்பாட்டுக்குச் சொன்னார். செவ்வாய்க்கிழமை காலையில் போன் செய்து, பையனுக்குப் பரீட்சை என்று ஒரு பொய்யைச் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவி மகாபலிபுரம் படத்தை ஸ்டேட்டஸில் வைத்தாள். பையன் அதில் ஐஸ்கிரீமோடு நிற்கிறான். அப்புறம் ஆறு மாதம் பெரியப்பா வீட்டிலிருந்து ஒரு போன் கிடையாது.

எங்கள் அணியில் முதலில் பேசிய அண்ணன் தலைப்பைக் கொஞ்சம் விட்டு விலகிக் கல்யாண மொய்க்குப் போய்விட்டார். போக முடியாவிட்டால் மொய்யை அனுப்பிவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்றார். அதை நம்பித்தான் அதற்கு அடுத்த வருஷம் கொடை வரி 3,000 ரூபாயை ஜிபேயில் போட்டேன். வரி போய்ச் சேர்ந்தது, ரசீதும் வந்தது. பெரியப்பா ஒரு வார்த்தை சொன்னார்: "வரி கோயிலுக்குக் குடுத்த. எனக்கு என்ன குடுத்த?"

அந்தக் கேள்விக்கு விடை எனக்குப் போன வருஷம்தான் கிடைத்தது, அதையும் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர்தான் சொல்லித் தந்தார். இருபது வருஷம் கோயில் கமிட்டியில் கணக்கு எழுதியவர். அவர் சொன்னார்: "கொடையன்னைக்கு உங்க பெரியப்பா கோயில் திண்ணையில உக்காந்திருப்பாரு. வாரவன் போறவன் எல்லாம் 'சென்னைக்காரன் வரலையா?'ன்னு கேப்பான். அவரு வாயில என்ன பதில் வச்சிருக்க?"

யோசித்துப் பாருங்கள் நடுவர் அவர்களே. "அவனுக்கு ஆடிட்டாம்" என்று அவர் சொன்னால், கேட்டவன் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவான். "வரி அனுப்பிட்டான்" என்றால், ஓ, பணத்தோடு முடித்துக்கொண்டானா என்பான். "30-ஆம் தேதி வாரான், டிக்கெட் போட்டாச்சு" என்றால்? அடுத்த கேள்வி கிடையாது. காரணம் என்னைக் காப்பாற்ற நான் சொல்வது. தேதி, அவர் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள நான் கொடுப்பது.

அதற்காக வாய்க்கு வந்த தேதியைச் சொல்லலாமா? அங்கேதான் வேலை இருக்கிறது. போன வருஷம், 2025-இல், கொடை ஆகஸ்ட் 5. எங்கள் ஊரில் அதற்கு ஒரு வாரம் முன்னால், ஜூலை 29-இல், பந்தல் கால் நாட்டு. அது முடிந்துவிட்டால் பந்தல், சாப்பாடு, மேளம் எல்லாம் கணக்காகிவிடும். அதற்கு அப்புறம் வரவில்லை என்பது தகவல் இல்லை, தொந்தரவு. அதனால் நோட்டீஸ் கைக்கு வந்த அன்றே, ஜூலை முதல் வாரத்தில், தேதியைத் தேட உட்கார்ந்தேன்.

முதலில் எட்டாம் கொடையைப் பார்த்தேன். கொடை முடிந்து எட்டாம் நாள் நடக்கிற சின்னப் பூஜை. கொடைக்கு வராதவன் எட்டாம் கொடைக்காவது தலையைக் காட்டுவது ஊர் வழக்கம். ஆனால் அதுவும் செவ்வாய்தான், ஆகஸ்ட் 12. லீவுப் பிரச்சினை அப்படியே இருந்தது. அடுத்து ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை, மூன்று நாள் சேர்ந்த லீவு. ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ரயில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன்னால் 120 நாளாக இருந்தது. ஆகஸ்ட் 14 ராத்திரி நெல்லை எக்ஸ்பிரசுக்கு ஜூன் பாதியிலேயே முன்பதிவு தொடங்கியாயிற்று, நான் பார்க்கும்போது காத்திருப்புப் பட்டியல் நீண்டு கிடந்தது. காத்திருப்பு டிக்கெட்டை நம்பி வாக்குக் கொடுப்பது, மறுபடியும் "பாக்கிறேன்" என்று சொல்வதுதான். ஆகஸ்ட் 29 வெள்ளி ராத்திரி இடம் இருந்தது. சனிக்கிழமை காலை திருநெல்வேலி, அங்கிருந்து பஸ். ஞாயிறு ராத்திரி திரும்ப ரயில். லீவே தேவையில்லை. டிக்கெட் எடுத்த பிறகுதான் போனை எடுத்தேன்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடவில்லை, அதைக் கவனியுங்கள். நாற்பது பேர் பார்க்கிற இடத்தில் மறுத்தால் அவர் நாற்பது பேருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். கூப்பிட்டவர் பெரியப்பா, அவரிடம்தான் முதலில் பேச வேண்டும். அதுவும் அவர் வயலிலிருந்து வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு.

"பெரியப்பா, நோட்டீஸ் வந்துச்சு. அப்பா பேரையும் போட்டிருக்கீங்க, பாத்ததும் சந்தோஷமா இருந்துச்சு. இந்தக் கொடைக்கு என்னால வர முடியல. ஆபீசில லீவு கெடைக்கல. ஆவணியில, ஆகஸ்ட் 30 சனிக்கிழமை காலையில நாங்க நாலு பேரும் வாரோம். டிக்கெட் எடுத்தாச்சு. அன்னைக்கு நீங்க ஊர்ல இருப்பீங்கல்லா?"

காரணத்துக்கு மூன்றே வார்த்தை. அதற்கு மேல் விளக்கினால் விசாரணை தொடங்கிவிடும். "இந்தக் கொடைக்கு" என்ற சொல்லை விடக் கூடாது. வெறும் "வர முடியல" என்றால் கதவைச் சாத்துகிற மாதிரி இருக்கும். "இந்தக் கொடைக்கு" என்றால் அடுத்த கொடை பாக்கி இருக்கிறது. கடைசியில் இருக்கிற கேள்விதான் இதில் முக்கியம். அவருக்கும் வசதியான நாளா என்று கேட்காமல் தேதி சொன்னால் அது அறிவிப்பு. போகிற வழியில் எட்டிப் பார்க்கிறேன், அந்தப் பக்கம் வேலை இருக்கிறது, அப்படியே வருகிறேன் என்றெல்லாம் சொல்லவே கூடாது. அவருக்காக மட்டும் வருகிற நாளாக அது இருக்க வேண்டும்.

பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "30-ஆ? சரி, வா. தோட்டத்துல எளநி போட்டு வைக்கேன்" என்றார்.

அன்றைக்கு ராத்திரி எழுத்திலும் அனுப்பினேன். பெரியம்மா வாசித்துக் காட்டட்டும் என்று. "பெரியப்பா, பெரியம்மாவுக்கு வணக்கம். அம்மன் கொடை நல்லபடியாக நடக்க வேண்டும். வரி அனுப்பிவிட்டேன், பூச்செலவுக்குத் தனியாகக் கொஞ்சம் சேர்த்திருக்கிறேன். சாமக்கொடையில் எங்களுக்கும் சேர்த்துக் கும்பிட்டுக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 30 சனிக்கிழமை காலை வருகிறோம்." அவ்வளவுதான். இதில் காரணமே இல்லை, பார்த்தீர்களா? காரணத்தை ஒரு தடவை வாயால் சொன்னால் போதும். எழுத்தில் நிற்க வேண்டியது வாழ்த்தும் தேதியும்.

கொடையன்று நான் போன் செய்யவில்லை. மேளச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது, அவருக்கும் நேரம் இருக்காது. புதன்கிழமை சாயங்காலம் கூப்பிட்டு, வில்லுப்பாட்டு எப்படி, முளைப்பாரி எத்தனை, யாருக்குச் சாமி வந்தது என்று கேட்டேன். இருபது நிமிஷம் அவர்தான் பேசினார்.

இடைவேளையில் முன்வரிசை அம்மா ஒருவர் என்னிடம், "எம் மருமகன் மூணு தீவாளியா அடுத்த மாசம் வாரேன்னு தேதி சொல்லிக்கிட்டே இருக்கான், அதுக்கு என்ன சொல்லுத?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எதிரணியும் இதையே பிடித்துக்கொள்ளும் என்று தெரியும். தேதி சொல்லிவிட்டு வராமல் இருப்பது காரணமே சொல்லாமல் இருப்பதைவிடக் கெட்டது, ஒத்துக்கொள்கிறேன். அந்த மருமகனுக்கு என்னிடம் மருந்து இல்லை. ஆனால் அந்த அம்மாவிடம், மருமகன் சொன்ன காரணங்களில் ஒன்றாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். மூன்று தேதியும் ஞாபகம் இருக்கிறது.

மணி அடித்துவிட்டார் நடுவர், முடித்துவிடுகிறேன். 30-ஆம் தேதி போனோம். பெரியப்பா பஸ் ஸ்டாப்பிலேயே நின்றார். இளநீரும் இருந்தது. பெரியம்மாவுக்குத்தான் இன்னும் முழுசாகச் சமாதானம் இல்லை. "கொடைக்கு வராதவனுக்குக் கோழியா?" என்று சொல்லிக்கொண்டேதான் குழம்பை ஊற்றினார்.