'சொல்லிடாதீங்க' என்று சொல்லாமல் சொல்வது

எல்லோருக்கும் வணக்கம்.

'யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.' நாம் அடிக்கடி சொல்கிற இந்த வாக்கியத்தைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் முகம் லேசாகச் சுருங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'விழுந்துடாதே', 'உடைச்சிடாதே', 'மறந்துடாதே' என்று எப்போது சொல்கிறோம்? கை தவறி நடந்துவிடக்கூடிய காரியங்களுக்கு. கண்ணாடி டம்ளரைத் தூக்கி வரும் குழந்தையிடம் பேசுகிற வடிவம் அது. 'சொல்லிடாதீங்க' என்றால், 'உங்கள் வாய் தவறும், எனக்குத் தெரியும்' என்பதும் கூடவே போய்ச் சேருகிறது. சரி, 'சொல்லாதீங்க' என்று மாற்றினால்? அது கட்டளையாகிவிடுகிறது. 'உங்களை நம்பித்தான் சொல்றேன்' என்பது இன்னும் மோசம். இப்போதுதான் நம்பலாமா வேண்டாமா என்று யோசித்து முடித்த மாதிரி அந்த 'தான்' காட்டிக்கொடுத்துவிடும்.

கோளாறு எங்கே என்றால், இந்த மூன்று வாக்கியத்திலும் பேச்சு கேட்பவரின் வாயைப் பற்றியே இருக்கிறது. பேச்சை விஷயத்தின் மேல் திருப்ப வேண்டும். எப்படி என்று ஒரே உதாரணத்தை வைத்துப் பார்ப்போம்.

ஒரு பெண், ஏழு வாரக் கர்ப்பம். பெரும்பாலான கருச்சிதைவுகள் முதல் மூன்று மாதத்துக்குள் நடப்பவை என்பதால், பன்னிரண்டாவது வார ஸ்கேன் முடியட்டும், பிறகு ஊருக்குச் சொல்லலாம் என்று கணவனும் மனைவியும் முடிவெடுத்திருக்கிறார்கள். இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. நடுவில் மதுரையில் ஒரு கல்யாணம். நாத்தனாரோடு ரயிலில் போக வேண்டும். வாந்தி, தலைசுற்றல் எதையும் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் மறைக்க முடியாது. ஆகவே நாத்தனாரிடம் சொல்லியாக வேண்டும்.

முதல் கேள்வி, அவருடைய அம்மாவுக்கு, அதாவது மாமியாருக்குத் தெரியுமா? தெரியாது என்றால் நாத்தனாரிடம் இப்போது சொல்லாதீர்கள். தினம் போனில் பேசுகிற அம்மாவிடமே மறைக்கச் சொன்னால் அது ரகசியம் அல்ல, தண்டனை. அவரால் காப்பாற்ற முடியாத இடத்தில் வாக்குக் கேட்டுவிட்டு, பிறகு வாக்கு மீறிவிட்டார் என்று வருத்தப்படுவது நியாயமும் இல்லை. முதலில் அத்தையிடம் சொல்லிவிட்டு நாத்தனாரிடம் வருவதுதான் சரியான வரிசை.

அடுத்து, எப்போது கேட்பது? விஷயத்தைக் கொட்டிவிட்டுக் கடைசியில் 'இது நமக்குள்ளயே இருக்கட்டும்' என்றால், கேட்டவருக்கு வேறு வழியே இல்லை. சொல்லி முடித்த பிறகு பயந்துவிட்ட மாதிரியும் தெரியும். முன்னாலேயே கேட்டால் அது சம்மதம் கேட்பதாக மாறுகிறது. 'அண்ணி, ஒரு விஷயம். இன்னும் கொஞ்ச நாளைக்கு வெளியே போக வேண்டாம்னு நினைக்கிறோம். இப்ப சொல்லலாமா?' அவ்வளவுதான். இதற்கு 'வேண்டாம்மா, என்னால மறைக்க முடியாது' என்று சொல்பவர்களும் உண்டு. அப்படிச் சொன்னவரைப் பாராட்ட வேண்டும். அவர்தான் நேர்மையானவர்.

இப்போது விஷயத்தைச் சொல்லும் பேச்சு:

'அண்ணி, ஏழாவது வாரம். டாக்டர் பன்னிரண்டாவது வாரம் ஸ்கேனுக்கு வரச் சொல்லியிருக்காங்க. அது நல்லபடியா முடிஞ்சதும் நாமளே எல்லாருக்கும் சொல்லிக்கலாம். இப்போதைக்கு அத்தை, மாமா, எங்க அம்மா, உங்களுக்கு, இவ்வளவு பேருக்குத்தான் தெரியும். அண்ணாகிட்ட நீங்க சொல்லிக்கோங்க. கல்யாணத்துல யாராவது கேட்டா, வயிறு சரியில்லைன்னு சொல்லிடலாம்.'

இதில் 'நீங்கள் இதைச் செய்யக்கூடாது' என்ற வாக்கியம் ஒன்றுகூட இல்லை. 'நாமளே சொல்லிக்கலாம்' என்பதைக் கவனியுங்கள். 'நாங்க' என்றால் நாத்தனார் வெளியே நிற்கிறார். 'நாம' என்றால் உள்ளே வந்துவிடுகிறார். தமிழில் இந்த வசதி இருக்கிறது, பயன்படுத்திக்கொள்ள வேண்டும். தகவல்தொடர்பு ஆய்வாளர் சாண்ட்ரா பெட்ரோனியோவும் இதையேதான் வேறு மாதிரி சொல்கிறார்: ஒரு விஷயத்தைக் கேட்டவர் அந்த நிமிடமே அதற்குக் கூட்டு உரிமையாளர் ஆகிறார்; யாரிடம் சொல்லலாம், எவ்வளவு சொல்லலாம் என்று பேசி வைக்காதபோதுதான் சிக்கல் வருகிறது. கூட்டுப்பட்டா நிலத்தில் எல்லைக்கல் நடாத கதை.

அந்த எல்லைக்கல்லில் பலர் மறப்பது கேட்டவருடைய கணவர் விஷயத்தைத்தான். 'யாரிடமும்' என்றால் கணவரும் அதில் சேர்த்தியா? சொன்னவர் சேர்த்தி என்று நினைப்பார், கேட்டவர் இல்லை என்று நினைப்பார். இருவருமே பொய் சொல்லவில்லை. அதனால் அண்ணாவுக்குத் தெரியலாமா கூடாதா என்பதைப் பெயர் சொல்லியே பேசிவிட வேண்டும். தெரிந்தவர்கள் பட்டியலையும் உண்மையாகச் சொல்ல வேண்டும். 'உங்களுக்கு மட்டும்தான் சொல்றேன்' என்று சொல்லிவிட்டு, நாளை சித்திக்கும் தெரியும் என்று அவர் கண்டுபிடித்தால், காப்பாற்றும் அக்கறை அன்றோடு போய்விடும். ஏற்கெனவே பரவிய செய்திதானே என்று தோன்றிவிடும்.

கெடு வைப்பதற்கும் காரணம் உண்டு. முடிவு தெரியாத ரகசியம் சுமையாகிறது. ஐந்து வாரம் என்றால் யாரும் தாங்குவார்கள். அதோடு, 'ஸ்கேன் வரைக்கும்' என்ற சொல்லிலேயே காரணமும் அடங்கிவிடுகிறது. 'ஊர்க் கண்ணு பட்டுடும்' என்றால், ஊரில் தன்னையும் சேர்த்துவிட்டார்களோ என்று சிலருக்குத் தோன்றும். ஸ்கேனைக் காரணமாகச் சொன்னால் யார் மேலும் சந்தேகம் விழுவதில்லை.

தயார் பதில் ஏன் தேவை? ரகசியம் பெரும்பாலும் வம்பினால் வெளியே போவதில்லை, தடுமாற்றத்தினால் போகிறது. கல்யாண மண்டபத்தில் பெரியம்மா, 'என்னடி, உன் தம்பி பொண்டாட்டி சாப்பிடவே இல்லை?' என்று கேட்கும்போது நாத்தனார் இரண்டு நொடி விழித்தால் போதும், பெரியம்மாவுக்கு விளங்கிவிடும். 'அவளை வெயிட் தூக்க விடாதீங்க' என்ற அக்கறையும் அதே வேலையைச் செய்யும். 'வயிறு சரியில்லை' என்று இருவரும் ஒரே பதிலை வைத்திருந்தால் இது நடக்காது. ஸ்கேன் படத்தை வாட்ஸப்பில் அனுப்புவதையும் தவிர்க்கலாம். நாத்தனார் யாருக்கும் அனுப்ப மாட்டார்தான். ஆனால் அவர் போன் பிள்ளைகள் கையில் இருக்கும்.

இவ்வளவு செய்தும் செய்தி கசிந்தால், 'ஏன் சொன்னீங்க?' என்று ஆரம்பிக்காதீர்கள். 'அண்ணி, பெரியம்மா என்கிட்ட கேட்டாங்க. வேற யாருக்கெல்லாம் தெரிஞ்சிருக்கும்னு நினைக்கிறீங்க?' என்று கேளுங்கள். குற்றம் சாட்டினால் மறைப்பார். கணக்குக் கேட்டால் உண்மையைச் சொல்வார். பிறகு பெரியம்மாவிடம் அதே கெடுவை நீங்களே நேரில் சொல்லிவிடலாம்.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். அடி உதை, உயிருக்கு ஆபத்து, தற்கொலை எண்ணம் இவற்றில் 'வெளியே போக வேண்டாம்' என்று யாரும் கேட்கவும் கூடாது, வாக்குக் கொடுக்கவும் கூடாது.

நம் உதாரணத்தில் மிச்சம் ஒன்று இருக்கிறது. பன்னிரண்டாவது வார ஸ்கேன் முடிந்து ரிப்போர்ட் கைக்கு வந்ததும், குடும்ப வாட்ஸப் குரூப்பில் போடுவதற்கு முன்னால் நாத்தனாருக்கு ஒரு போன். 'அண்ணி, ஸ்கேன் நல்லா இருக்கு. இனி யார்கிட்ட வேணும்னாலும் சொல்லலாம். பெரியம்மாகிட்ட நீங்களே சொல்றீங்களா?' மண்டபத்தில் வாயைக் கட்டிக்கொண்டு நின்றவர் அவர்தான். முதலில் சொல்லும் சந்தோஷமும் அவருக்கே போகட்டும்.

நன்றி. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.