ரேகை விழாத விரல்கள்

நேயர்களுக்கு வணக்கம். "பாட்டி, ரேகை விழல, இன்னொரு தடவ அழுத்தி வை." இந்தக் குரலை ரேஷன் கடை வரிசையில் கேட்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். அந்த "அழுத்தி வை" என்பதில்தான் பாதித் தவறு இருக்கிறது.

முப்பது வருடம் சித்தாள் வேலை பார்த்த ஒரு அம்மாவை எடுத்துக்கொள்வோம். சிமென்டும் சுண்ணாம்பும் காரத்தன்மை உள்ளவை, தோலை அரிக்கும். செங்கல் தேய்க்கும். வயதானால் தோல் வறண்டு, ரேகையின் மேடுகள் தாழ்ந்துவிடும். கண்ணாடித் தகட்டில் மேடு பட்டு, பள்ளம் படாமல் இருந்தால்தான் மெஷினுக்குக் கோடு தெரியும். அழுத்தினால் இருக்கிற மேடும் நசுங்கிப்போகும்.

ஆகவே முதலில் கையைக் கழுவி, துடைத்து, துளி தேங்காய் எண்ணெய் தடவி, மிச்சத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள். ஈரமும் ஆகாது, வறட்சியும் ஆகாது. தகட்டையும் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். பிறகு விரலை லேசாக, தட்டையாக வையுங்கள்.

அடுத்தது, விரலை மாற்றுவது. ஆதாரில் பத்து விரலும் பதிவாகியிருக்கிறது. நாமோ கட்டைவிரலையே கட்டிக்கொண்டு அழுகிறோம்! செங்கல்லைப் பிடித்துத் தேய்ந்தது கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும்தான். இடது கை மோதிர விரல் அவ்வளவு உழைத்திருக்காது. அதை வைத்துப் பாருங்கள்.

மெஷின் காட்டும் எண்ணையும் கேளுங்கள். 300 என்றால் ரேகை பொருந்தவில்லை. 330 என்றால் ஆதாரில் ரேகை பூட்டப்பட்டிருக்கிறது. பூட்டைத் திறக்காமல் எத்தனை விரல் வைத்தாலும் பயனில்லை.

பத்து விரலும் கைவிட்டால் கண். கருவிழிக் கருவி இருந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வெயிலுக்கு முதுகு காட்டி, கண்ணை அகலத் திறக்க வேண்டும். அதுவும் இல்லையா? அட்டையில் பெயருள்ள மகனோ மருமகளோ ரேகை வைக்கலாம். தனியாக இருப்பவர், தன் சார்பில் வாங்க ஒருவரை நியமிக்கும் அங்கீகாரப் படிவத்தைக் கடையில் கேட்டு வாங்கி எழுதிக் கொடுக்கலாம். ஓடிபி வழியும் உண்டு. ஆனால் ஆதாரில் பதிந்த எண் பழையதாக இருந்தால் அது யார் கைபேசிக்கோ போகும்.

எதுவும் நடக்கவில்லை என்றால்? ரேகை பொருந்தவில்லை என்ற காரணத்துக்காக அரிசியை மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத்துறை 2017லேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. "அப்புறம் வாங்க" என்றால் அதைச் சொல்லிக் கேளுங்கள். மறுபடியும் சொல்கிறேன், மறுக்கக் கூடாது.

ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிக்கப் போகிறவர்கள், சிமென்ட் வேலையை விட்டு சில வாரம் கழித்துப் போங்கள். தோல் புதிதாக வளர அவ்வளவு நாளாகும். வேலை முடிந்த கையோடு போனால் தேய்ந்த ரேகையே மறுபடி பதிவாகும்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். ஓய்வூதியக்காரர்களுக்கு ஒரு வரி: உயிர்வாழ் சான்றுக்கு 2021 முதல் முக அடையாளமே போதும், ஆண்ட்ராய்டு கைபேசியில் ஜீவன் பிரமாண் செயலியோடு ஆதார் முக அடையாளச் செயலியையும் சேர்த்து இறக்கிக்கொள்ளுங்கள். வணக்கம்.