கண்ணில் ஓடும் புழுவும் பகல் ரத்தப் பரிசோதனையும்

[காட்சி: கண்ணின் வெள்ளைப் பகுதியில் மெல்ல நெளியும் நூல் போன்ற புழு]

வணக்கம். திரையில் நீங்கள் பார்ப்பது லோவா லோவா என்னும் புழு. பெண் புழு ஐந்தாறு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். தோலுக்கு அடியில் ஆண்டுக்கணக்கில் ஊர்ந்து திரியும். சில நேரங்களில் கண்ணின் மேல்சவ்வைக் கடந்து போகும். கையிலோ முழங்கையிலோ திடீரென வீங்கி, சில நாட்களில் தானாகவே வடியும்.

இது வேலூரில் பரவும் நோய் அல்ல. கேமரூன், காபோன், காங்கோ போன்ற நாடுகளின் மழைக்காடுகளில் கிரைசாப்ஸ் என்னும் மான் ஈக்கள் பகலில் கடித்துப் பரப்புகின்றன. ஆனால் அங்கே வேலைக்குப் போய்த் திரும்பியவர் நம் ஊரிலும் இருக்கலாம்.

[காட்சி: கண்ணாடிச் சில்லில் ரத்தத்துளி, பக்கத்தில் கடிகாரம்]

ஒரு கற்பனை நோயாளியை எடுத்துக்கொள்வோம். குடியாத்தத்துக்காரர், காபோனில் மரம் அறுக்கும் முகாமில் இருந்தவர். கண்ணில் புழு ஓடியதைப் பார்த்துப் பதறி வருகிறார். மருத்துவர் சொட்டு மருந்தால் கண்ணை மரத்துப்போகச் செய்து, சிறிதாகக் கீறிப் புழுவை எடுத்துவிடலாம். ஆனால் உடலில் மற்ற புழுக்கள் இருக்கும். அவை ஈன்ற மைக்ரோஃபைலேரியா என்னும் நுண்புழுக்கள் ரத்தத்தில் மிதக்கும்.

யானைக்கால் நோய்க்கு நம் பக்கம் இரவில்தான் ரத்தம் எடுப்பார்கள். அந்தப் பழக்கத்தில் இவருக்கும் இரவு ஒன்பது மணிக்கு எடுத்தால் கிட்டத்தட்ட ஒன்றும் தெரியாது. லோவா நுண்புழு பகலில்தான் ரத்தத்துக்கு வரும். காலை பத்துக்கும் மதியம் இரண்டுக்கும் இடையில் எடுக்க வேண்டும். இருபது மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் 700 நுண்புழுக்கள் எண்ணப்பட்டால், ஒரு மில்லி லிட்டருக்கு 35,000.

இனிதான் ஆபத்து. யானைக்காலுக்குக் கொடுக்கும் அதே டி.இ.சி. மாத்திரை இதற்கும் மருந்துதான். இவருக்குக் கொடுத்தால் நுண்புழுக்கள் ஒரே நேரத்தில் மடிந்து மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைக்கும், சுற்றிலும் அழற்சி மூளும். ஐவர்மெக்டினிலும் இதே ஆபத்து உண்டு. 30,000-ஐத் தாண்டும்போது அது மிகக் கடுமை. மாத்திரை விழுங்கிய சில நாட்களில் தடுமாற்றம், குழப்பம், பேச்சுக் குளறல், கண்சவ்வில் ரத்தக்கசிவு தோன்றும். சிலர் கோமாவுக்குப் போய் இறந்திருக்கிறார்கள். ஸ்டீராய்டு கொடுத்தாலும் இதைத் தடுத்துவிட முடியாது.

அதனால் முதலில் ஆல்பெண்டசோல் 200 மில்லி கிராம், நாளுக்கு இருமுறை, 21 நாள். அது நுண்புழுக்களைப் பொசுக்கென்று கொல்லாது. எண்ணிக்கை மாதக்கணக்கில் மெதுவாகக் குறையும். வசதியுள்ள இடத்தில் ரத்தத்தை எந்திரத்தில் சுற்றவிட்டு நுண்புழுக்களைப் பிரித்தெடுப்பார்கள். மறுபடி பகலில் எண்ணி, 8,000-க்குக் கீழே வந்த பிறகே டி.இ.சி.; அதுவும் சிறு அளவில் தொடங்கி, மருத்துவர் கண்காணிப்பில்.

கண்ணில் புழு தெரிந்தவர்கள் பலருக்கு ரத்தத்தில் நுண்புழு இருப்பதே இல்லை. கண்ணைப் பார்த்து எண்ணிக்கையை ஊகிக்கவே கூடாது.

யானைக்கால் ஒழிப்பு மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வருபவரிடம், அந்த ஆப்பிரிக்கக் காட்டுப் பகுதிகளில் இருந்தவர்கள் விழுங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.