எக்ஸுக்கு முன்னால் ஒரு தராசு

ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

கரும்பலகையில் 8 + 4 = □ + 5 என்று எழுதி, கட்டத்துக்குள் என்ன எண் வரும் என்று ஆறாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பன்னிரண்டு என்று பல குரல்கள் வரும். பதினேழு என்றும் ஒன்றிரண்டு வரும். கூட்டத் தெரியாததால் வரும் பிழை அல்ல இது. முதல் வகுப்பிலிருந்தே சமக்குறிக்கு வலப்பக்கம் விடை எழுதிப் பழகிய பிள்ளைக்கு, அந்தக் குறி ‘விடையை இங்கே போடு’ என்கிற கட்டளை. இரண்டு பக்கமும் ஒரே அளவு என்று அது சொல்வதாக அவனுக்குத் தோன்றியதே இல்லை. அந்த நிலையில் 3x + 2 = x + 8 என்று எழுதிக்காட்டினால், அவன் தடுமாறுவது எக்ஸைப் பார்த்து அல்ல, சமக்குறியைப் பார்த்து.

அதனால் எழுத்தை இரண்டு வாரம் தள்ளி வைப்போம். முதலில் தராசு.

காய்கறி வண்டிக்காரர்கள் வைத்திருந்த கைத்தராசு கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் சட்டை மாட்டும் ஹேங்கரின் இரு முனைகளிலும் ஒரே அளவு நூலில் ஒரே மாதிரிக் கிண்ணங்களைக் கட்டி, நடுக்கொக்கியை ஆணியில் மாட்டலாம். வெறுந்தட்டுகள் சமமாக நிற்காவிட்டால், மேலே நிற்கும் கிண்ணத்தின் அடியில் களிமண் ஒட்டிச் சரிசெய்யுங்கள். எடைக்கு நாணயம் வேண்டாம். 2011இல் வந்த புதிய ஒரு ரூபாய் 3.79 கிராம், அதற்கு முந்தையது 4.85 கிராம். இரண்டும் கலந்தால் எண்ணிக்கை சரியாக இருந்தும் தட்டு சாயும், பிள்ளைகள் தங்கள் கணக்கைச் சந்தேகப்படுவார்கள். ஹார்டுவேர் கடையில் 10 மி.மீ. நட்டு முப்பது வாங்குங்கள். ஒவ்வொன்றும் பத்து கிராமுக்குச் சற்று மேல் இருக்கும், தட்டு தயங்காமல் சாயும்.

அடுத்து பொட்டலங்கள். செய்தித்தாளின் ஒரு தாளை எட்டாகக் கிழித்து, ஒவ்வொரு துண்டிலும் மூன்று நட்டு வைத்து, நூலால் இறுக்கிக் கட்டி நான்கு பொட்டலம் செய்யுங்கள். எல்லாப் பொட்டலத்திலும் நட்டுகளின் எண்ணிக்கை ஒன்றுதான் என்று வகுப்புக்குச் சொல்லிவிடுங்கள். அது எத்தனை என்று மட்டும் சொல்லாதீர்கள். யாரும் அமுக்கிப் பார்க்கக் கூடாது.

இடத்தட்டில் மூன்று பொட்டலமும் இரண்டு நட்டும். வலத்தட்டில் ஒரு பொட்டலமும் எட்டு நட்டும். ஓர் இடைஞ்சல் உண்டு. இடப்பக்கம் இரண்டு பொட்டலம் கூடுதல், அதனால் இரண்டு காகிதத்தின் எடையும் கூடுதல். நல்ல தராசு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். வலத்தட்டில் இரண்டு வெற்றுக் காகிதத்தையும் நூலையும் போட்டுவிடுங்கள். ஏன் போடுகிறோம் என்பதை மறைக்க வேண்டாம். காகிதத்துக்குக் காகிதம் ஈடு என்பதே அவர்கள் கற்கப்போகும் பாடத்தின் ஒரு துண்டுதான்.

‘ஒரு பொட்டலமும் இரண்டு நட்டும் ஐந்து நட்டுக்குச் சமம்’ என்று எளிதாகத் தொடங்கலாமே என்று தோன்றும். தொடங்காதீர்கள். பார்த்தவுடன் மூன்று என்பார்கள், தராசு மேசைமேல் அலங்காரமாக நிற்கும். பொட்டலம் இரண்டு பக்கமும் இருந்தால்தான் தட்டில் கை வைக்க வேண்டிய தேவை வரும்.

தட்டுக்கு ஒருவராக இரண்டு பேரை நிறுத்துங்கள். எதை எடுக்கப்போகிறோம் என்று வாயால் சொன்ன பிறகே எடுக்க வேண்டும். தட்டு சமமாகவே நிற்குமா, எந்தப் பக்கம் இறங்கும் என்பதை வகுப்பு முன்கூட்டிச் சொல்ல வேண்டும். இரு பக்கமும் ஒவ்வொரு பொட்டலம் எடுக்கிறார்கள். தட்டு சமம். இரு பக்கமும் இரண்டிரண்டு நட்டு எடுக்கிறார்கள். சமம். இப்போது இடத்தில் இரண்டு பொட்டலம், வலத்தில் ஆறு நட்டு. நட்டை முதலில் எடுத்துவிட்டுப் பொட்டலத்தை அப்புறம் எடுத்தாலும் இதே இடத்துக்குத்தான் வருவார்கள். அதையும் ஒரு முறை செய்ய விடுங்கள்.

சறுக்கல் இங்கேதான் வரும். இதுவரை ‘இங்கே ஒன்று, அங்கே ஒன்று’ என்று எடுத்த பழக்கத்தில், இடத்தில் ஒரு பொட்டலத்தையும் வலத்தில் ஒரு நட்டையும் எடுக்கச் சொல்வார்கள். தடுக்காதீர்கள், எடுக்கட்டும். ஒரு பொட்டலத்துக்கு எதிரே ஐந்து நட்டு, வலத்தட்டு தொப்பென்று இறங்கும். எடுத்ததைத் திரும்ப வைக்கச் சொல்லுங்கள். ‘இடப்பக்கத்தை இரண்டு சம பங்காக்கினால், வலப்பக்கத்தை என்ன செய்ய வேண்டும்?’ என்று கேளுங்கள். ஆறு நட்டும் மூன்று மூன்றாகப் பிரியும். பக்கத்துக்கு ஒரு பங்கு மட்டும் விட்டுவிட்டு, வெற்றுக் காகிதத்திலும் ஒன்றை எடுத்தால் தட்டு மறுபடி சமம். ஒரு பொட்டலம், மூன்று நட்டு.

பொட்டலத்தைப் பிரித்துக் காட்டும் அவசரம் வேண்டாம். முதலில் இருந்தபடி திரும்ப அடுக்கி எண்ணச் சொல்லுங்கள். இடத்தில் மூன்று மூன்றாக ஒன்பது, கூட இரண்டு, பதினொன்று. வலத்தில் மூன்றும் எட்டும் பதினொன்று. அதன் பிறகு பிரிக்கலாம்.

பிறகு இரண்டு மூன்று பாடவேளை படம். பொட்டலத்துக்குச் சதுரம், நட்டுக்கு வட்டம், எடுத்ததை அடித்துவிடுவது. படம் வரைந்து கை சலித்தபின் அவர்களே ‘3 பொட்டலம் 2 நட்டு’ என்று சுருக்கி எழுதுவார்கள். அந்தச் சுருக்கம் ஓர் எழுத்தாக மாறும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. பொட்டலத்துக்கு ‘ப’ என்று வைக்காதீர்கள். 3ப என்றால் மூன்று பொட்டலம் என்று பொருள்களை எண்ணத் தொடங்கிவிடுவார்கள். எழுத்து நிற்பது பொட்டலத்துக்காக அல்ல, ஒரு பொட்டலத்துக்குள் இருக்கும் நட்டுகளின் எண்ணிக்கைக்காக. சம்பந்தமில்லாத ஓர் எழுத்தை வையுங்கள், அவ்வப்போது ‘எக்ஸ் என்றால் என்ன?’ என்று கேளுங்கள். ‘பொட்டலம்’ என்று பதில் வந்தால் தராசுக்குத் திரும்ப வேண்டும்.

எழுத்தில்லாமல் இயற்கணிதமா என்று யாரும் புருவம் உயர்த்த வேண்டாம். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்-குவாரிஸ்மி என்ற கணித அறிஞர் எழுதிய இயற்கணித நூலில் கணக்குகள் முழுக்க வாக்கியங்களாகவே இருக்கின்றன. பல கணக்குகளில் தெரியாத எண்ணை அவர் ‘பொருள்’ என்று குறித்தார். சமக்குறியை ராபர்ட் ரெக்கார்ட் அச்சில் கொண்டுவந்தது 1557இல். அல்-குவாரிஸ்மி நூலின் தலைப்பில் வரும் ‘அல்-முகாபலா’ என்பது, இரு பக்கமும் இருக்கும் ஒரே வகையானவற்றை ஈடாகக் கழிப்பது. பொட்டலத்துக்குப் பொட்டலம் எடுத்தோமே, அதேதான்.

நம் வகுப்புகளில் அந்த இடத்தில் ‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்’ என்று ஒரு வாய்பாடு உட்கார்ந்திருக்கிறது. தராசில் எதுவும் அந்தப் பக்கம் போகவில்லை, இரு பக்கமும் எடுத்தோம், அவ்வளவுதான். வாய்பாட்டை முதலில் வாங்கிக்கொண்ட பிள்ளை 2x = 6 என்பதில் இரண்டை அனுப்பி, குறியை மாற்றி, x = 6 − 2 = 4 என்று எழுதுவான். தொப்பென்று இறங்கிய தட்டைப் பார்த்தவனுக்கு அங்கே பங்கு போட வேண்டும் என்பது நினைவிருக்கும். சுருக்குவழி தப்பில்லை, அதைப் பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடிக்கும் வரை நாம் வாய் திறக்காமல் இருந்தால் போதும்.

தராசுக்கு எல்லை உண்டு. 3x − 2 = 7 வரை இழுக்கலாம்: மூன்று பொட்டலத்திலிருந்து இரண்டு நட்டு எடுத்தபின் ஏழு நட்டுக்குச் சமம், எடுத்ததைத் திருப்பி வைத்தால் வலத்திலும் இரண்டு சேர்க்க வேண்டும். இப்படிக் குறைந்ததை நிரப்புவதுதான் அல்-குவாரிஸ்மி நூலின் தலைப்பில் வரும் இன்னொரு சொல்லான ‘அல்-ஜப்ர்’. ஆனால் x + 5 = 2 என்று வரும்போது தட்டில் வைக்க எதுவும் இல்லை, ஐந்து நட்டே இரண்டைவிடக் கனம். குறை எண்ணுக்காக வாயு பலூனைக் கட்டி மேலே இழுப்பது போன்ற வித்தைகள் வேண்டாம், பலூனை விளக்கவே ஒரு பாடவேளை போய்விடும். அந்தக் கணக்கு வருவதற்குள் பிள்ளைகள் எழுத்திலேயே இரு பக்கமும் ஒன்றைச் செய்யப் பழகியிருக்க வேண்டும். ஐந்தை இரு பக்கமும் கழித்து x = −3 என்று அவர்கள் எழுதும் நாளில் தராசை அலமாரிக்குள் வைத்துவிடலாம்.