சூத்திரம் 2400 என்கிறது, உடம்பு 2100 என்கிறது

வணக்கம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பேசுகிறேன். ஜிம் மூடிய பிறகு எடுக்கிற வீடியோ இது. வெளியே கோயம்புத்தூர் பஸ் ஹாரன் அடித்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வீடியோவுக்குக் கீழே பாதிப் பேர் ஒரே கேள்விதான் கேட்டிருந்தீர்கள். "முதல் ஆறு மாதம் நன்றாக இறங்கியது, இப்போது அதே சாப்பாடுதான், எடை அசையவே மாட்டேன் என்கிறது, என் மெட்டபாலிசம் கெட்டுப்போய்விட்டதா?" கெட்டுப்போகவில்லை. ஆனால் நிஜமாகவே குறைந்திருக்கிறது, அதுவும் எடை குறைந்த கணக்குக்கு மேலேயே குறைந்திருக்கிறது. அந்த "மேலே" எவ்வளவு, எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை ஓர் ஆளின் கணக்கை வைத்தே பார்க்கலாம்.

வேலந்தாவளத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற ஓர் அண்ணன். பெயர் வேண்டாம், கணக்கைச் சொல்லிக்கொள்ள அனுமதி தந்திருக்கிறார். வரும்போது 100 கிலோ, உயரம் 170 சென்டிமீட்டர், வயது 40. மிஃப்லின் சூத்திரம் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆண்களுக்கு, எடையைப் பத்தால் பெருக்கி, உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை ஐந்தால் பெருக்கிக் கழித்து, கடைசியில் 5 கூட்ட வேண்டும். அவருக்கு 1868 கலோரி வந்தது. சும்மா படுத்திருந்தாலே உடம்பு எரிக்கிற அளவு அது. கடையில் நின்று நடக்கிற ஆள் என்பதால் 1.4-ஆல் பெருக்கினேன். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2600. சரி, 2000 சாப்பிடுங்கள் என்று ஆரம்பித்தோம்.

பத்து மாதத்தில் 85 கிலோவுக்கு வந்தார். அங்கேயே நின்றுவிட்டது. ஒரு மாதத்துக்கு மேல் தராசு முள் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. இப்போது புதிய எடைக்கு அதே சூத்திரத்தைப் போட்டால் 2400 வருகிறது. 15 கிலோ குறைந்ததற்காக உடம்பு 200 சொச்சம் கலோரியை விட்டுக்கொடுத்திருக்கிறது. அது நியாயமான கணக்கு: சின்ன உடம்புக்குச் சின்னச் செலவு. அப்படிப் பார்த்தாலும் 2000 சாப்பிட்டால் தினமும் 400 பற்றாக்குறை இருக்க வேண்டும், மாதம் ஒன்றரைக் கிலோ இறங்க வேண்டும். ஒன்றுமே இறங்கவில்லை. அந்த 400 எங்கே போனது?

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் 1500-க்குக் குறைத்துவிடுகிறார்கள். அதற்கு முன்னால் இந்த 400-ஐப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் சமையல்கட்டு. அண்ணன் எல்லாவற்றையும் ஆப்பில் போடுகிற ஆள்தான். புட்டு எத்தனை கிராம், கடலைக்கறி எத்தனை கிராம், மட்ட அரிசிச் சோறு எவ்வளவு, எல்லாம் இருக்கிறது. தேங்காய் எண்ணெய்க்கு மட்டும் "ஒரு ஸ்பூன், 14 கிராம்" என்று முதல் நாள் போட்டதே ஓடிக்கொண்டிருந்தது. அக்காவிடம் கேட்டு, தாளிக்கும்போது கிண்ணத்தைத் தராசில் வைத்து ஊற்றச் சொன்னோம். 26 கிராம். வஞ்சகம் ஒன்றும் இல்லை, பத்து மாதத்தில் ஸ்பூனின் இடத்தில் சின்னக் கரண்டி வந்து உட்கார்ந்துவிட்டது. கிராமுக்கு 9 கலோரி, அப்படியானால் 12 கிராமுக்கு 108. அவர் சாப்பிட்டது 2000 அல்ல, 2100 சொச்சம். எடை அசையாமல் நின்றதால் செலவும் அதே 2100 என்று வைத்துக்கொள்ளலாம். ஆக 400-இல் நூறு உடம்பு செய்த வேலையே இல்லை. மிச்சம் 300 இருக்கிறது, அதைப் பார்ப்போம்.

அடுத்தது போன். நடை எண்ணிக்கையின் பழைய வரைபடத்தைத் திறந்து பார்த்தோம். ஆரம்ப மாதங்களில் ஒரு நாளைக்கு 9000 அடி பக்கம் இருந்தது. இப்போது 5500. ஜிம்முக்கு வருவதை அவர் ஒரு நாள்கூட விடவில்லை, அதுதான் வேடிக்கை. குறைந்தது கடைக்குள். முன்பு ஆணி கேட்டால் தானே எழுந்து போய் எடுப்பார். இப்போது கல்லாவில் உட்கார்ந்துகொண்டே பையனைக் கூப்பிடுகிறார். அவருக்கே தெரியவில்லை. சோம்பேறித்தனம் என்று திட்டுவதில் அர்த்தமில்லை. சாப்பாடு நீண்ட நாள் குறைந்தால் சின்னச் சின்ன அசைவுகள் தானாகக் குறைவது பலரிடமும் பார்க்கிற விஷயம். 3500 அடி என்றால் இரண்டரைக் கிலோமீட்டர் பக்கம். 85 கிலோ ஆளுக்கு அது 100 கலோரி அளவு வரும்.

இப்போது மிச்சம் 200 பக்கம். இதுதான் அசல் சரக்கு. சாப்பாட்டுக் கணக்கும் சரி, நடையும் சரி என்றான பிறகும் விளங்காமல் நிற்கிற பகுதி.

நியூயார்க்கில் முதலில் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்திலும் பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் ரோசன்பாம், லைபல் என்கிற ஆய்வாளர்கள் இதில்தான் பல வருடம் உழைத்தார்கள். ஆட்களை ஆய்வகத்திலேயே தங்க வைத்து, அளந்து ஊட்டி, எடை குறைய வைத்து, குறைந்த எடையில் நிலையாக நிறுத்திவிட்டு அளந்தார்கள். 1995-இல் வந்த அவர்களுடைய முடிவு இன்றைக்கும் பேசப்படுகிறது. எடையில் பத்து சதவீதம் போனவர்களின் மொத்தச் செலவு, அந்த உடம்புக்கு இருக்க வேண்டியதைவிட ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதம் கீழே இருந்தது. கொழுப்பு எவ்வளவு போனது, தசை எவ்வளவு போனது என்று எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் இந்த மிச்சம்.

காரணம் லெப்டின் என்கிற ஹார்மோன். கொழுப்புத் திசு சுரப்பது. கையிருப்பு எவ்வளவு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்கிற மணியார்டர் மாதிரி. கொழுப்பு குறைந்தால் தொகை குறைகிறது, அதிலும் சாப்பாடு பற்றாக்குறையில் ஓடும்போது கொழுப்பு குறைந்ததைவிட வேகமாக லெப்டின் விழுகிறது. மூளையின் ஹைப்போதலாமஸ் உடனே செலவைச் சுருக்குகிறது. தைராய்டு ஹார்மோனான T3 கொஞ்சம் இறங்குகிறது, உடம்பை விரட்டுகிற நரம்பு மண்டலத்தின் வேகம் குறைகிறது, இதயத்துடிப்பு மெதுவாகிறது. பசி மட்டும் ஏறுகிறது, அதையும் அதே மூளைதான் செய்கிறது. அதே ஆய்வாளர்கள் எடை குறைந்தவர்களுக்கு லெப்டினை ஊசியாகப் போட்டுப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தபோது, இந்த மாற்றங்களில் பெரும்பகுதி பழைய நிலைக்கே திரும்பியது. அதனால்தான் லெப்டின்மேல் இவ்வளவு உறுதியாகக் கை காட்டுகிறேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது தசையைப் பற்றிய பகுதி. படுத்திருக்கும்போது எரிகிற அளவில் வருகிற கூடுதல் சரிவு பெரிதல்ல. பெரிய பங்கு அசையும்போதுதான். எடை குறைந்தவரின் தசை, மெதுவாகச் சைக்கிள் மிதிக்கிற மாதிரியான லேசான வேலையை முன்பைவிட ஏறத்தாழ 20 சதவீதம் சிக்கனமாகச் செய்கிறது. கல்லாவிலிருந்து அலமாரிக்கு நடப்பது, மூட்டையை நகர்த்துவது, இதெல்லாம் லேசான வேலைதான். ஆக அண்ணன் பழையபடி 9000 அடி நடந்தாலும் பழைய 9000-க்கு எரிந்தது எரியாது. உங்கள் வாட்ச்சில் வருகிற கலோரிக்கு இது தெரியாது. அது உங்கள் எடையையும் துடிப்பையும் வைத்துப் போடுகிற கணக்கு.

அறிகுறி ஏதாவது உண்டா என்றால், அண்ணன் மார்கழியில் கணவாய்க் காற்றுக்கு ஸ்வெட்டர் போட ஆரம்பித்தார், காலைத் துடிப்பு 74-இலிருந்து 61 ஆனது. ஆனால் இரண்டையும் நம்பித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். உடற்பயிற்சியாலும் துடிப்பு இறங்கும், பாலக்காட்டு மார்கழிக் காற்றுக்கு எனக்கே குளிர்கிறது.

இப்போது பயமுறுத்துகிற வீடியோக்கள் பற்றி. அமெரிக்க டிவி எடைக்குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்து அளந்த ஆய்வு 2016-இல் வந்தது. படுத்திருக்கும்போதான செலவு மட்டுமே எதிர்பார்த்ததைவிட 500 கலோரி பக்கம் கீழே. அதை வைத்து "வாழ்நாள் சேதம்" என்று தலைப்புப் போடுகிறார்கள். தினமும் மணிக்கணக்கில் பயிற்சி செய்து முப்பது வாரத்தில் மலையளவு குறைத்தவர்கள் அவர்கள். தவிர, குறைத்த எடை திரும்ப ஏறாமல் அதிகம் காத்துக்கொண்டவர்களிடம்தான் சரிவு கூடுதலாக இருந்தது, மறுபடி ஏறிப்போனவர்களிடம் அல்ல. சாதாரண டயட்டில் எடையைச் சில வாரம் நிலையாக வைத்து அளந்த பிற்கால ஆய்வுகளில், ஓய்வுநேரச் சரிவு 50 கலோரி போலத்தான் வந்தது.

இன்னொரு பக்கம், "பட்டினி கிடந்தால் உடம்பு கொழுப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எடை கூடும்" என்பார்கள். இரண்டாம் உலகப்போர் முடிகிற சமயத்தில் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். அவர்களுடைய ஓய்வுநேரச் செலவு 40 சதவீதம் அளவுக்கு விழுந்தது. ஆனாலும் எடையில் ஏறக்குறைய கால் பங்கை இழந்தார்கள். செலவு சுருங்கினால் இறக்கம் மெதுவாகும். சாப்பிடாத கலோரி உடம்பில் வந்து சேராது.

சரி, அண்ணனுக்கு என்ன செய்தோம்? 1500 போகவில்லை. மூன்று வாரம் சாப்பாட்டை 2300-க்கு உயர்த்தினோம், எண்ணெய் தராசில், நடை பழைய 9000-க்கு. முதல் வாரமே ஒரு கிலோ ஏறியது, எனக்குப் போன் மேல் போன். அது கொழுப்பு அல்ல. மாவுச்சத்து கூடியதும் தசையில் கிளைக்கோஜனும் அதோடு தண்ணீரும் சேர்கிறது. பிறகு அங்கேயே நின்றது. ஆக இந்த அளவு நடையோடு அவருடைய நிஜச் செலவு 2300 பக்கம் என்று தெரிந்தது. பற்றாக்குறை நின்றதும் சரிவில் ஒரு பகுதி மீள்வதும் உண்டு, நடை கூடியதும் உண்டு. எது எவ்வளவு என்று ஜிம்மில் உட்கார்ந்து பிரிக்க முடியாது. இடைவேளை விட்டால் மெட்டபாலிசம் புதிதாகிவிடும் என்று விற்கிறவர்களை நம்ப வேண்டாம். அது பற்றிய ஆய்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

அப்புறம் மறுபடி 2000, இந்த முறை எண்ணெயையும் சேர்த்து நிஜமான 2000. மாதம் ஒரு கிலோ சொச்சம் இறங்குகிறது. முன்பு இறங்கிய வேகம் வராது, வரும் என்று அவருக்கு நான் சொல்லவும் இல்லை. சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள், தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இந்த மாதிரி ஏற்றி இறக்க வேண்டாம்.

நீங்கள் செய்து பார்ப்பதென்றால், எடையில் பத்து சதவீதம் குறைந்த பிறகு சூத்திரம் சொல்கிற எண்ணிலிருந்து இன்னும் பத்து சதவீதம் கழித்துக்கொண்டு ஆரம்பியுங்கள். அண்ணனுக்கு அது 2160, நிஜத்துக்குப் பக்கம். மூன்று வாரம் தினமும் காலையில் எடை பார்த்து வாரச் சராசரிகளை மட்டும் ஒப்பிடுங்கள், பெண்கள் மாதவிடாய்த் தண்ணீர் ஏற்றத்துக்காக ஒரு முழு மாதம் பாருங்கள். சராசரி எந்தப் பக்கம் போகிறதோ அதை வைத்து அந்த எண்ணைத் திருத்துங்கள். எண்ணெயை அளந்துவிட்டு.